ஈடு உண்டு, இலாபம் இல்லை



2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரை கடந்து, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின், சிறிய அச்சகம் ஒன்றின் உரிமையாளர் என்னைக் காண வந்தார்.

"ஐயா, என் அச்சு இயந்திரத்தை ஆறு லட்ச ரூபாய்க்குக் காப்பீடு செய்து, அதற்குரிய பிரீமியமும் கட்டினேன். இயந்திரம் அடியோடு பாழாயிற்று. மூன்றரை லட்சந்தான் கிடைக்கும் என்கிறார்களே, இது நியாயமா?" என்று கேட்டார்.

அவருடன் அமர்ந்து கணக்கிட்டுப் பார்த்தேன். அதே இயந்திரத்தின் புது விலை ஆறு லட்சம். அதன் ஆயுள் பதினைந்து ஆண்டு, ஐந்தாண்டு உழைத்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு தேய்மானம் போக, வெள்ளத்துக்கு முந்திய நாள் அதன் மதிப்பு நான்கு லட்சம். பாழான இயந்திரத்தைப் பழைய இரும்பாக விற்றால் ஐம்பதாயிரம் வரும். எஞ்சுவது மூன்றரை லட்சம். பாலிசிதாரர் தாமே ஏற்க வேண்டிய சிறு கழிவை இங்கே விட்டுவிடுவோம்.

முன்பு அவரிடம் நான்கு லட்சம் பெறுமானமுள்ள பொருள் இருந்தது. இப்போது ரொக்கமும் இரும்பும் சேர்ந்து அதே நான்கு லட்சம். இதுவே ஈட்டுறுதிக் கோட்பாடு. பாலிசியில் எழுதிய தொகை உச்ச வரம்பே. வாக்களித்த பரிசு அன்று. ஆறு லட்சமும் தந்திருந்தால் வெள்ளத்தால் அவருக்கு இரண்டரை லட்சம் இலாபம் கிட்டியிருக்கும். அழிவு இலாபந்தருமானால், தம் உடைமையைக் காக்க எவர் முனைவார்? தீக்குச்சியைத் தேடுவாரும் தோன்றுவர் அல்லவா?

பணம் கைக்கு வந்த பின்னும் இக்கோட்பாடு தொடர்கிறது. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிரெஸ்டன் என்பவர் தம் கட்டடத்தை 3,100 பவுனுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். விற்பனை முடியுமுன், 1878இல், தீ பற்றியது. காப்பீட்டாளர் 330 பவுன் கொடுத்தனர். பிறகு, வாங்குபவரும் ஒப்பந்தப்படி முழு விலையையும் செலுத்திவிட்டார். அப்படியானால் பிரெஸ்டன் இழந்தது என்ன? ஒன்றுமில்லை! 1883இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த 330 பவுனைத் திருப்பித் தர வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. இந்தியாவிலும் காப்பீட்டுச் சட்டம் பயில்வோர் இவ்வழக்கைப் படிக்கின்றனர்.

ஆயுள் காப்பீடு இவ்விதிக்குள் அடங்காது; மனித உயிருக்குச் சந்தை விலை ஏது? புதுப்பொருள் விலையே தரும் பாலிசிகளும் உண்டு. ஆனால் அவற்றுக்குப் பிரீமியம் புது விலைமீது கட்ட வேண்டும். பொருளை உண்மையிலேயே மீண்டும் அமைத்தாலன்றி அத்தொகை வாராது.

அச்சக உரிமையாளர் நெடுநேரம் அந்தக் கணக்குத் தாளைப் பார்த்தார். "அப்படியானால், வயதான இயந்திரத்துக்கு ஆறு லட்சம் என்று எழுதிக் கூடுதல் பிரீமியம் கட்டியது என் பிழைதான்" என்றார். பாலிசி எடுக்கும் நாளில் போடவேண்டிய கணக்கை அவர் வெள்ளத்துக்குப் பின் போட்டார். நீங்கள் முன்பே போட்டுவிடுங்கள்.