பதினோராவது குழந்தை: பகல்நேரக் காப்பகத்துக்கு பட்ஜெட் போடுவது எப்படி?

(மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாசம் இந்தப் பக்கத்துக்காகத் தகவல் சேகரிக்க திருப்பூர் பக்கம் போயிருந்தேன். அங்கே பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்திய ஒரு அக்கா தன்னுடைய கணக்கு நோட்டைக் காட்டினாங்க. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் '30 குழந்தை x 3,500 = 1,05,000' என்று இருந்தது. அதுக்குக் கீழேதான் செலவு எல்லாம். நோட்டு ஏழாவது மாசத்தோட நின்னு போச்சு. "குழந்தைங்க குறையவே இல்லை தம்பி, சேர்ந்துக்கிட்டேதான் இருந்தாங்க. அப்புறமும் ஏன் நஷ்டம்னு எனக்குப் புரியவே இல்லை" என்றார்.

எங்கே தப்பு நடந்தது என்பதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம். காப்பக பட்ஜெட்டை வருமானத்தில் தொடங்கக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை பெரியவர்கள் அங்கே இருக்கணும் என்ற கேள்வியில்தான் தொடங்கணும். ஒரு உதாரணத்தைப் போட்டுப் பார்த்துடலாம். நான் சொல்ற தொகை எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்க ஊர் விலையையும், இப்போது அமலில் இருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தையும் விசாரித்து மாத்திக்கோங்க. கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் கணக்கு: ஆள்

நம்ம உதாரணக் காப்பகத்தில் 30 இடம். 3 வயதுக்குக் கீழே 10 பேர், 3 முதல் 6 வயதுக்குள் 20 பேர். சின்னவங்க 10 பேருக்கு ஒரு பராமரிப்பாளர், பெரியவங்க 20 பேருக்கு ஒரு பராமரிப்பாளர் என்று வைத்துக்கொள்வோம். உங்க அனுமதி நிபந்தனையில் இதைவிடக் கடுமையான விகிதம் இருந்தால் அதையே எடுத்துக்கணும்.

"அப்படின்னா ரெண்டு பேர் போதும்"னுதான் பலரும் எழுதுறாங்க. அந்த அக்காவும் அப்படித்தான் எழுதியிருந்தாங்க. ஆனால் அந்த விகிதம் சம்பளப் பட்டியலில் இருக்கும் பெயர்களுக்கு இல்லை. காப்பகம் திறந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அது பொருந்தணும். காலை 8 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடினால் 10 மணி நேரம். ரெண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 20 மணி நேர வேலை. ஒருத்தருக்கு 8 மணி நேர வேலை, அதில் அரை மணி நேரம் சாப்பாடு. குழந்தைகளோடு இருப்பது 7.5 மணி நேரம்தான். 20-ஐ 7.5-ஆல் வகுத்தால் 2.67 வருது. ஆகவே மூணு பேர் வேணும்.

மூணு பேருக்கும் மாசம் 13,000 வீதம் 39,000. அவர்களில் பொறுப்பாளராக இருப்பவருக்குக் கூடுதலாக 2,000. சுத்தம் செய்யவும் கழிப்பறைக்கு அழைத்துப் போகவும் ஒரு உதவியாளர், 11,000. அரை நாள் சமையல்காரர், 6,000. இதோடு நிறைய பேர் மறக்கிற ஒரு வரி இருக்கு. ஆள் லீவு போட்டால் பதிலுக்கு வருபவருக்கான கூலி. மாசம் 6 நாள், நாளுக்கு 500 என்றால் 3,000. மொத்தம் 61,000 ரூபாய்.

பதில் ஆள் வரியை எழுதாவிட்டால் அந்தச் செலவு இல்லாமல் போயிடாது. ஒருத்தர் லீவு போட்ட அன்னைக்கு, ஒரே பெண் 30 குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாங்க. பட்ஜெட் தாளில் மிச்சம் பிடித்ததற்கான விலையை அன்னைக்குக் குழந்தைங்க கொடுப்பாங்க.

இரண்டாவது கணக்கு: சாப்பாடு

இது ஆளுக்கு ஆள் ஏறி இறங்கும் செலவு. மதியம் சாதம், பருப்பு, காய், எண்ணெய், மசாலா சேர்த்து ஒரு குழந்தைக்கு 14 ரூபாய். முட்டை அல்லது சுண்டல் 6, பால் 6, பழம் 4. ஆக 30 ரூபாய். மாசம் 25 நாள் என்றால் ஒரு குழந்தைக்கு 750 ரூபாய்.

26 பேருக்குப் போட்டால் 19,500. (ஏன் 30 இல்லாமல் 26 என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்றேன்.) இதில் சமையல் எரிவாயுவுக்கு 2,000 சேருங்க. வீட்டு சிலிண்டரைக் காப்பகத்தில் பயன்படுத்தக் கூடாது, வணிக சிலிண்டர்தான் வாங்கணும். மொத்தம் 21,500.

நஷ்டம் வரும்போது முதலில் கை வைப்பது சாப்பாட்டில்தான். முட்டை வாரம் ரெண்டாகும், பாலில் தண்ணீர் கூடும். ஆனால் முட்டையையும் சுண்டலையும் மொத்தமா நிறுத்தினாலும் மிச்சமாகிறது மாசம் 3,900 ரூபாய்தான். செலவில் பெரிய பங்கு ஆள் செலவு. அதனால் சாப்பாட்டைக் குறைச்சு ஒரு காப்பகத்தைக் காப்பாத்த முடியாது.

மூன்றாவது கணக்கு: பாதுகாப்பு

2004 ஜூலை 16-ஐ நம்ம மாநிலம் மறக்க முடியாது. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் இறந்தாங்க. அதனால் அடுப்பு எங்கே இருக்கு, கூரை எதனால் ஆனது, வெளியே போக எத்தனை வழி என்பதை வாடகை பேசும் முன்னாடியே பார்க்கணும். தரைத்தளம், கான்கிரீட் கூரை, ரெண்டு வாசல், குழந்தைகள் அறையிலிருந்து தள்ளி சமையலறை. இப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலும் பாதுகாப்புச் செலவுதான்.

பாதுகாப்புச் செலவு மூணு விதமாக வரும். முதலாவது, ஒரு தடவை செலவு. தீயணைப்பான் ரெண்டு 5,000, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியோடு வயரிங் சரிபார்ப்பு 6,000, கேட், ஜன்னல் கம்பி, பிளக் மூடி 12,000, குடிநீர் சுத்திகரிப்பான் 12,000, கேமரா 15,000, முதலுதவிப் பெட்டியும் பாயும் 3,000. மொத்தம் 53,000. இதை 36 மாதத்துக்குப் பிரித்தால் மாசம் சுமார் 1,500.

இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு முறை வருவது. தீயணைப்பான் சர்வீஸ், ஃபில்டர் மாற்றம், ஊழியர் மருத்துவப் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சி, காப்பீடு. வருஷம் 18,000 என்றால் மாசம் 1,500. மூன்றாவது, மாசா மாசம் சோப்பு, கிருமிநாசினி, கையுறை போன்றவை, 3,000. ஆக 6,000.

இந்த 6,000-ல் 3,000 ரூபாய் மாசா மாசம் கையை விட்டுப் போகாது. மிச்சம் மாதிரியே தெரியும். அதைத் தனிக் கணக்கில் போடாவிட்டால், தீயணைப்பான் காலாவதியாகும்போது பெட்டியில் காசு இருக்காது. உங்க காப்பகத்தில் அப்படி ஆகியிருக்கான்னு தெரிஞ்சுக்க, சிலிண்டரில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்த்தாலே போதும்.

நான்காவது கணக்கு: கட்டணம்

வாடகை 12,000, மின்சாரம் 2,500, விளையாட்டுப் பொருள், புத்தகம், போன் எல்லாம் 3,000. இதையும் சேர்த்தால் மாசச் செலவு மொத்தம் 1,06,000 ரூபாய்.

இதை 30-ஆல் வகுத்தால் ஒரு குழந்தைக்கு சுமார் 3,533. அந்த அக்கா 3,500 வாங்கினதும் ஏறக்குறைய இதே கணக்கில்தான். ஆனால் வருஷம் முழுக்க 30 இடமும் நிறைஞ்சிருக்காது. ஜூன் மாசம் பெரியவங்க பள்ளிக்குப் போயிடுவாங்க, சில குடும்பங்கள் ஊர் மாறும். அதனால் 26 பேர் என்று வைத்துத்தான் கணக்குப் போடணும். அதிலும் எல்லாரும் கட்டணத்தை முழுசா கட்ட மாட்டாங்க. 100-க்கு 95 வசூலாகும் என்று வைத்தால், ஒரு குழந்தைக்குக் கிட்டத்தட்ட 4,300 ஆகுது. அவங்க வாங்கியதுக்கும் இதுக்கும் 800 ரூபாய் வித்தியாசம். ஏழு மாசம்தான் தாங்க முடிஞ்சது.

இன்னொரு விஷயம், எல்லாருக்கும் ஒரே கட்டணம் சரிவராது. ரெண்டு பராமரிப்பு இடத்துக்கும் 39,000 சம்பளம், ஒரு இடத்துக்கு 19,500. அதைச் சின்னவங்க 9 பேர் பகிர்ந்தால் ஒருத்தருக்கு 2,167. பெரியவங்க 17 பேர் பகிர்ந்தால் 1,147. ஆயிரம் ரூபாய் வித்தியாசம் தானாகவே வருது. ஆகவே சின்னவங்களுக்கு 4,950, பெரியவங்களுக்கு 3,950 என்று வைக்கலாம். மொத்தம் 1,11,700. அதில் 95 சதவீதம் வசூலானால் 1,06,115. செலவுக்குச் சரியாக இருக்கும்.

இப்போ தலைப்புக்கு வருவோம். சின்னவங்க 10 பேரும் நிறைஞ்சிருக்கும்போது பதினோராவது குழந்தையோட ஒரு அம்மா வந்து நிக்கிறாங்க. "ஒரே ஒரு குழந்தைதானே, சேர்த்துக்குவோம்" என்று தோணும். ஆனா விகிதப்படி அந்த நிமிஷமே இன்னொரு பராமரிப்பு இடம் தேவை. 10 மணி நேரத்துக்கு அதன் செலவு சுமார் 17,300. அந்தக் குழந்தையால் வருவது 4,950, சாப்பாடு போக 4,200. நாலு குழந்தை கூடினாலும் 16,800-தான். பதினஞ்சாவது குழந்தை வந்த பிறகுதான் அந்த ஆள் செலவு தேறும். அதாவது 11 முதல் 14 வரை குழந்தை சேரச் சேர நஷ்டம். இல்லைன்னா ஆள் போடாமல் சேர்த்து, குழந்தைகளை ஆபத்தில் விடணும். அந்த அக்கா நோட்டில் சின்னவங்க 13 பேர் இருந்தாங்க. "குறையவே இல்லை"ன்னு அவங்க சொன்னது உண்மைதான். பத்தோட நிறுத்தி மத்தவங்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கணும். ஐந்து பேர் சேர்ந்ததும் மொத்தமா சேர்த்துக்கலாம்.

இதைக் கட்ட முடியாதவங்க?

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு அம்மாவுக்கு 4,950 பெரிய தொகை. கட்டணத்தைக் குறைக்கணும்னா, மீதியை வேற யாராவது கொடுத்தால்தான் முடியும். அதுக்கு ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, வேலை கொடுப்பவர். 2017-ல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதிப்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தரணும். தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்க்கவும் அனுமதிக்கணும். அந்த வசதி பல நிறுவனங்களுக்குப் பொதுவாகவும் இருக்கலாம். பக்கத்தில் உள்ள ரெண்டு மூணு கம்பெனிகளிடம் "மாசம் இத்தனை இடத்துக்கு நீங்க பணம் கட்டுங்க" என்று எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்க. குழந்தை வராத மாசமும் இடத்துக்கான பணம் வரும். 26-ஆ 30-ஆ என்ற கவலையும் பாதி தீரும்.

இன்னொண்ணு, அரசு. தேசிய குழந்தைகள் காப்பகத் திட்டத்தில் குடும்ப வருமானத்தைப் பொறுத்து மாசம் 20 முதல் 200 ரூபாய் வரைதான் கட்டணம் இருந்தது. ஊழியர் மதிப்பூதியத்தையும் சத்துணவுச் செலவையும் அரசு ஏற்றதால்தான் அது முடிஞ்சது. அந்தத் திட்டம் இப்போது 'பால்னா' என்ற பெயரில், அங்கன்வாடியோடு இணைந்த காப்பகமாகவும் நடக்குது. உங்க ஊரில் அப்படி ஒண்ணு இருக்கான்னு அங்கன்வாடியில் கேளுங்க.

நிறைவாக, குழந்தையைக் காப்பகத்தில் விடப்போகும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் ரொம்பக் குறைவா இருந்தால் சந்தோஷப்படும் முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. மாலை 5.30 மணிக்குக் குழந்தைகளோடு எத்தனை பேர் இருப்பாங்க? ஒருத்தர் லீவு போட்டால் யார் வருவாங்க? மீதிப் பணத்தை யார் கொடுக்கிறாங்க? தெளிவான பதில் வந்தால் நம்பி விடலாம்.

அந்த அக்கா இப்போ மறுபடி தொடங்கப் பார்க்கிறாங்க. புது நோட்டின் முதல் பக்கத்தில் '8 மணி முதல் 6 மணி வரை, 3 பேர்' என்று எழுதியிருக்காங்க.