214 கோடியில் முடியும் எண்கள்



நீங்கள் செல்பேசியில் உணவு ஆர்டர் செய்யும்போது அந்த நிறுவனத்தின் தரவுத்தளத்தில் ஒரு புதிய பதிவு உருவாகிறது. பதிவு ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் எண் உண்டு. அதற்குப் பிரைமரி கீ, அதாவது முதன்மைச் சாவி என்று பெயர். அந்த எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டே போகும். பல தரவுத்தளங்களில் அதை இன்டிஜர் என்ற வகையில் வைத்திருப்பார்கள். ஓர் எண்ணுக்கு நான்கு பைட் இடம்தான். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அடுத்த எண்ணைக் கேட்டால் தரவுத்தளம் பிழை காட்டி மறுத்துவிடும். பழைய பதிவுகளைப் படிக்கலாம், புதிதாக எதையும் சேர்க்க முடியாது.

2018 நவம்பரில் பேஸ்கேம்ப் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. அலுவலகக் குழுக்கள் தங்கள் வேலைகளை ஒருங்கிணைக்கப் பயன்படுத்தும் சேவை அது. மிகவும் பரபரப்பான ஓர் அட்டவணையில் எண்கள் தீர்ந்துபோயின. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வாடிக்கையாளர்கள் பார்க்க மட்டுமே முடிந்தது, எழுத முடியவில்லை. அவர்கள் பயன்படுத்திய ரெயில்ஸ் என்ற மென்பொருள் சட்டகம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, புதிய அட்டவணைகளுக்கு எட்டு பைட் எண்ணை இயல்பாக்கியிருந்தது. ஆனால் அது பழைய அட்டவணைகளைத் தானாக மாற்றாது.

எட்டு பைட் எண்ணுக்குப் பிக் இன்டிஜர் என்று பெயர். விநாடிக்கு ஒரு கோடி எண் செலவழித்தாலும் அது தீர 29,000 ஆண்டுகளுக்கு மேலாகும். அப்படியானால் வகையை மாற்ற வேண்டியதுதானே? போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரே வரிக் கட்டளை அதைச் செய்யும். சிறிய அட்டவணை என்றால் அதுவே போதும். பெரிய அட்டவணையில்தான் ஆபத்து. கட்டம் போட்ட பேரேட்டில் ஒரு பத்தியை மட்டும் அகலமாக்க வேண்டுமென்றால், வேறொரு பேரேடு எடுத்து ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி எழுதத்தானே வேண்டும்? தரவுத்தளமும் அதையே செய்கிறது. எழுதி முடிக்கும்வரை அட்டவணையை முழுதாகப் பூட்டிவிடுகிறது. அப்போது யாராலும் படிக்கக்கூட முடியாது. நூறு கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணைக்கு இது பல மணி நேரம் நீளும்.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் ஆர்டர் அட்டவணையில் எண் 160 கோடியைத் தொட்டிருக்கிறது; நாளொன்றுக்கு 30 லட்சம் எண்கள் செலவாகின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதம் ஏறக்குறைய 54 கோடியே 75 லட்சம். வகுத்தால் ஆறு மாதம் வரும். இங்கே பலர் தவறுகிறார்கள். அட்டவணையில் எத்தனை பதிவு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இன்னும் நிறைய இடம் இருக்கிறதே என்று நிம்மதி அடைகிறார்கள். அழித்த பதிவுகளின் எண்கள் திரும்பி வருவதில்லை. பாதியில் கைவிட்ட பரிவர்த்தனையும் ஓர் எண்ணைத் தின்றுவிட்டே போகும். ஆகவே பார்க்க வேண்டியது பதிவுகளின் எண்ணிக்கையை அல்ல; எண் வழங்கும் சீக்வென்ஸ் கடைசியாகக் கொடுத்த எண்ணை.

ஆறு மாதம் இருந்தால் பூட்டாமலே மாற்றலாம். முதலில் அதே அட்டவணையில் பிக் இன்டிஜர் வகையில் ஒரு காலிப் பத்தி சேர்க்கிறோம். காலிப் பத்தி என்பதால் எதையும் திருப்பி எழுத வேண்டியதில்லை, நொடியில் முடிந்துவிடும். அடுத்து ஒரு ட்ரிக்கர் வைக்கிறோம். இனி வரும் ஒவ்வொரு பதிவிலும் பழைய பத்தியின் எண்ணைப் புதிய பத்தியிலும் அது எழுதிவிடும். ட்ரிக்கர் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் பழைய பதிவுகளைத் தொட வேண்டும். முந்திக்கொண்டால் இடையில் வந்த பதிவுகள் விட்டுப்போகும்.

பிறகு நிரப்பும் வேலை. 160 கோடியையும் ஒரே மூச்சில் நிரப்பக் கூடாது. பத்தாயிரம் பத்தாயிரமாக எழுதி, நடுவே சற்று ஓய்வு கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவை மாற்றும்போது பழைய வடிவத்தை உடனே அழிப்பதில்லை. புதிதாக ஒன்றை எழுதிவிட்டு, பழையதை வேக்யூம் என்ற துப்புரவு வேலைக்கு விட்டுவிடுகிறது. நாம் அவசரப்பட்டால் துப்புரவு பின்தங்கும், வட்டு வீங்கும், நகல் சேவையகங்களும் பின்தங்கும். ஒரு தொகுதிக்கு ஓய்வையும் சேர்த்து இரண்டு விநாடி என்றால் மொத்தம் நான்கு நாட்களுக்குள் முடியும். ஆறு மாதத்தில் நான்கு நாள் பெரிதில்லை.

நிரம்பியதும் புதிய பத்திக்குத் தனித்துவ இன்டெக்ஸ் ஒன்றைக் கட்ட வேண்டும். எழுதுவதைத் தடுக்காமல் பின்னணியில் கட்டும் வழி போஸ்ட்கிரெஸில் உண்டு. பத்தியில் காலி இடம் எதுவும் இல்லை என்பதையும் முன்கூட்டியே சரிபார்த்து வைத்துவிட வேண்டும். அந்தச் சரிபார்ப்பைக் கடைசி நிமிடத்துக்கு விட்டால், பூட்டைப் பிடித்துக்கொண்டு அட்டவணை முழுவதையும் படிக்க நேரும்.

கடைசியில் இடமாற்றம். ட்ரிக்கரை நீக்கி, பழைய சாவியை அகற்றி, பெயர்களை மாற்றி, தயாராக இருக்கும் இன்டெக்ஸைப் புதிய முதன்மைச் சாவியாக்கி, சீக்வென்ஸைப் புதிய பத்தியோடு இணைக்க வேண்டும். எல்லாம் ஒரே பரிவர்த்தனைக்குள். இதற்கு முழுப் பூட்டு தேவை, ஆனால் ஒரு நொடிக்கும் குறைவாகத்தான். அந்த நொடியிலும் ஒரு பொறி இருக்கிறது. யாரோ ஒருவர் அரை மணி நேரம் ஓடும் அறிக்கையை அந்த அட்டவணையில் ஓடவிட்டிருந்தால், நம் பூட்டுக் கோரிக்கை அதற்குப் பின்னால் காத்திருக்கும். அதைவிட மோசம், நமக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு கோரிக்கையும் நம் பின்னால் நிற்கும். சேவை முழுவதும் உறைந்துவிடும். அதனால் பூட்டுக்காக இரண்டு விநாடிக்கு மேல் காத்திருக்காதே என்று முதலிலேயே வரம்பு வைத்துவிட வேண்டும். கிடைக்கவில்லையென்றால் விலகிக்கொண்டு, சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும்.

என் பார்வையில் இந்த வேலையின் கடினமான பகுதி இந்த அட்டவணைக்கு வெளியே இருக்கிறது. பணம் செலுத்திய விவரம், டெலிவரி விவரம் போன்ற மற்ற அட்டவணைகள் இதே ஆர்டர் எண்ணைத் தங்கள் பத்தியில் வைத்திருக்கும். அவையும் நான்கு பைட் என்றால், ஆர்டர் அட்டவணையை எவ்வளவு அகலமாக்கினாலும் 214 கோடியைத் தாண்டிய முதல் ஆர்டருக்குப் பணம் செலுத்த முடியாது. ஃபாரின் கீ வைத்து முறைப்படி இணைத்திருந்தால் தரவுத்தளமே அந்தப் பத்திகளைக் காட்டிக்கொடுக்கும். இணைக்காமல் வெறும் எண்ணாக வைத்திருந்தால் ஒவ்வொரு அட்டவணையாகத் தேடத்தான் வேண்டும். சீக்வென்ஸுக்கும் தனியாக ஒரு வகை உண்டு. பழைய வகையிலேயே விட்டால் அதே இடத்தில் அதுவும் நின்றுவிடும். நிரல்களிலும் பார்க்க வேண்டும். ஜாவாவில் இன்ட் என்று எழுதிய மாறி ஒவ்வொன்றும் அதே 214 கோடியில் உடையும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, சோதனைச் சூழலில் சீக்வென்ஸை 300 கோடிக்கு நகர்த்திவிட்டு, ஆர்டர் முதல் டெலிவரி வரை எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது. உடைய வேண்டியவை அங்கேயே உடைந்துவிடும்.

ஆறு மாதம் இல்லை, ஆறு நாள்தான் இருக்கிறது என்றால்? இன்டிஜருக்குப் பூஜ்யத்துக்குக் கீழேயும் 214 கோடி எண்கள் உண்டு. சீக்வென்ஸின் கீழ் வரம்பைத் தளர்த்தி, அதை மிகக் கீழான எதிர்ம எண்ணிலிருந்து மறுபடி ஏறவிடலாம். மேற்சொன்ன வேலைகளுக்கு அது அவகாசம் கொடுக்கும். ஆனால் எண் வரிசையை நம்பிப் புதியவற்றை முதலில் காட்டும் திரைகளில் இன்றைய ஆர்டர்கள் பட்டியலின் அடியில் போய்விடும். எண் பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று சோதிக்கும் நிரல்களோ அவற்றை ஏற்கவே மறுக்கும்.