குழாய்க் கணக்கு சரிதானா?

11-ஆம் வகுப்பு இயற்பியலில் குழாய்க் கணக்கு ஒன்று வரும். படுக்கையாகக் கிடக்கும் குழாய் வழியில் குறுகுகிறது. அகலமான இடத்தில் வாய்ப் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர், குறுகிய இடத்தில் 10. அகலத்தில் தண்ணீரின் வேகம் நொடிக்கு 2 மீட்டர். குறுகலில் எவ்வளவு?

சிலர் அரை மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். பரப்புகளைத் தலைகீழாகப் போட்டதன் விளைவு அது.

சரிபார்க்க ஒரு பெருக்கல் போதும். பரப்பையும் வேகத்தையும் பெருக்குங்கள். இரண்டு இடத்திலும் ஒரே எண் வர வேண்டும். நாற்பது இரண்டு எண்பது. குறுகலில் பத்து எட்டு எண்பது. ஆக, வேகம் 8 மீட்டர். அரை மீட்டர் என்றால் வெறும் ஐந்துதான் வரும். மீதித் தண்ணீர் எங்கே போனது? தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பாய்ந்துதானே அடிக்கிறது!

அடுத்தது அழுத்தம். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். குறுகலில் அழுத்தம் குறைவு என்று விடை வர வேண்டும். ஆனால் வேகத்தோடு அழுத்தம் பொருந்துகிறதா என்ற சோதனையை மட்டும் நம்பாதீர்கள். வேகமே தலைகீழாக இருந்தால், அழுத்தமும் அதற்கு ஏற்றபடி தலைகீழாக வந்து, பொருந்துவதுபோலவே தெரியும். அதனால் பெருக்கல்தான் முதலில்.

கணக்கில் விட்டம் கொடுத்திருந்தால் கவனம். விட்டம் பாதியானால் பரப்பு கால்வாசி, வேகம் நான்கு மடங்கு. மாணவர்களே, அழுத்தத்தைத் தொடும் முன் அந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.