காதோடு ஒரு திருத்தம்

ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தின் மாத அறிக்கையை எடுத்துக்கொள்வோம். கணினியில் ஒரே கோப்பைத் திறந்து, நான்கைந்து பேர் ஆளுக்கொரு பகுதியை எழுதுகிறார்கள். நாளைக் காலை அது செயலாளரிடம் போக வேண்டும். கொள்முதல் பகுதியை எழுதிய மூத்த ஊழியர், அக்டோபர் மாதப் பால் 46,850 லிட்டர் என்று போட்டிருக்கிறார். பதிவேட்டிலோ 48,650 லிட்டர். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்வதற்கு முன், தவறு நம் பக்கம் இல்லையே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு எண்களுக்கும் வித்தியாசம் 1,800. அது 9 ஆல் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் இப்படித்தான் வகுபடும். கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான உத்தி இது. இங்கே 8-ம் 6-ம் மாறியிருக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் மாறியது என்பதை இந்த உத்தி சொல்லாது. பதிவேட்டின் தினசரி வரவை ஒருமுறை கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கூட்டியாயிற்று, 48,650 தான். இப்போது கோப்பின் ஓரத்திலேயே குறிப்பு எழுதினால், கோப்பைத் திறக்கும் எல்லோரும் படிப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் அதே கதைதான். சரி, நாமே திருத்திவிடலாம் என்றால், அவருடைய சொந்தக் குறிப்பில் பழைய எண் அப்படியே கிடக்கும். அடுத்த மாத ஒப்பீட்டில் அது மறுபடி தலைகாட்டும். அவர் இடத்துக்கே போய், அல்லது தொலைபேசியில், தனியாகச் சொல்வதே நல்லது.

“அக்கா, அக்டோபர் கொள்முதலை ஒருதரம் பாருங்களேன். பதிவேட்டுல 48,650-ன்னு இருக்கு, நம்ம அறிக்கையில 46,850-ன்னு வந்திருக்கு. நீங்க ஏதாவது கழிச்சுப் போட்டீங்களா?”

கடைசிக் கேள்வி வெறும் மரியாதைக்காக அல்ல. கெட்டுப்போய்த் திருப்பி அனுப்பிய பாலை அவர் உண்மையிலேயே கழித்திருக்கலாம். அப்படியானால் எண்ணை மாற்ற வேண்டாம், பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினால் போதும்.

தவறுதான் என்றால், அந்த எண் வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அட்டவணையில் திருத்தியதும், சூத்திரம் போட்ட கூட்டுத்தொகை தானே மாறிக்கொள்ளும். முதல் பக்கச் சுருக்கத்தில் கையால் தட்டச்சு செய்த எண் மாறாது. அதை விட்டுவிட்டால் ஒரே அறிக்கை இரண்டு கணக்குப் பேசும். பிறகு எல்லோர் கண்ணிலும் படும்.

அறிக்கை ஏற்கெனவே செயலாளர் கைக்குப் போய்விட்டதா? அப்போது சத்தமில்லாமல் மாற்றுவது சரியல்ல. பழைய எண்ணை நம்பி யாராவது முடிவெடுத்திருக்கலாம். எது மாறியது என்று ஒரு வரி எழுதி, திருத்திய பிரதியை அனுப்பத்தான் வேண்டும். அந்த வரியை எழுதி அனுப்புகிறவர் அந்த அக்காவாகவே இருக்கட்டும்.