டொலரிற் சம்பளம், ரூபாவிற் செலவு



குருநகரில் தம் வீட்டிலிருந்தபடியே பிறநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்யும் இளைஞருக்குச் சம்பளம் டொலரிற் பேசப்படுகிறது. அரிசியும் மின்கட்டணமும் ரூபாவிற் கொடுபடுகின்றன. இந்நிலை நமக்குப் புதிதன்று. நம் முன்னோர் மலாயாவில் எழுதுவினைஞராயும் புகையிரதப் பகுதி ஊழியராயும் இருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பினர். 1906இல் அந்நாட்டு டொலர் 28 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டபோது நமது ரூபா 16 பென்ஸ் பெற்றது. நூறு டொலர் 175 ரூபாவாயிற்று. 1927இல் இந்திய ரூபா 18 பென்ஸ் எனச் சட்டமானது. இலங்கை ரூபா அதனோடு பிணைந்திருந்தபடியால், அதே நூறு டொலர் ஏறக்குறைய 155 ரூபாவே பெற்றது. உழைப்புக் குறையவில்லை, வீட்டுக்கு வந்தது குறைந்தது.

இன்று நம் இளைஞர் பலர் கேட்பது, "ஆயிரம் டொலர் இன்றைக்கு எத்தனை ரூபா?" என்ற ஒரு கேள்வியே. அது போதாது என்பதை அண்மைக்கால அநுபவத்தைக் கொண்டே பார்ப்போம்.

2021 செப்டெம்பரில் டொலர் சுமார் 200 ரூபா. ஆயிரம் டொலர் வாங்கியவர் இரண்டு இலட்சம் பெற்றார். வீட்டுச் செலவும் இரண்டு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2022 செப்டெம்பரில் டொலர் சுமார் 360 ரூபா. கைக்கு வந்தது 3,60,000. ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அவ்வோராண்டில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியது. அதே செலவு 3,40,000 ஆயிற்று. பெரிய இலாபமென்று தோன்றியதில் மிஞ்சியது இருபதினாயிரமே. 2023 செப்டெம்பரில் டொலர் சுமார் 320 ரூபாவுக்கு இறங்கியது. விலைகளோ இறங்கவில்லை, இன்னும் சிறிது ஏறி, செலவு 3,44,000 ஆயிற்று. வரவு 3,20,000. ஒரு டொலரும் குறையாமலே வீடு இருபத்துநாலாயிரம் பின்னே நின்றது.

ஆகவே நாணய வீதம், விலைவாசி ஆகிய இரண்டையும் சேர்த்தே பேசவேண்டும். கணக்கு எளிது. தொடக்கச் சம்பளத்தை விலை ஏறிய மடங்காற் பெருக்கி, டொலர் ஏறிய மடங்கால் வகுக்க வேண்டும். மேற்சொன்ன இரண்டு ஆண்டுகளில் விலை 1.72 மடங்கு, டொலர் 1.6 மடங்கு. ஆயிரத்தை 1.72ஆற் பெருக்கி 1.6ஆல் வகுத்தால் 1,075 டொலர். கேட்கவேண்டிய உயர்வு 75 டொலர்.

"ரூபா விழுந்தால் உமக்கு இலாபந்தானே?" என்று முதலாளி கேட்பார். அது நியாயமான கேள்வி. 2022இல் இக்கணக்கு 944 டொலர் என்றே காட்டியிருக்கும். ஆதலால் ஒப்பந்தத்தில் நாம் கேட்கவேண்டிய வாசகம் இது: "ஆண்டுக்கொருமுறை, மத்திய வங்கி வெளியிடும் நாணய வீதத்தையும் அரசாங்க விலைச் சுட்டெண்ணையும் கொண்டு சம்பளம் மீளாய்வு செய்யப்படும், டொலர்த் தொகை குறைக்கப்படமாட்டாது." குறைக்காதிருப்பதற்கு ஈடாக, ஆண்டின் நடுவே உயர்வு கேட்பதில்லை என்று நாம் இணங்கலாம். இரு எண்களும் பகிரங்கமானவை, அவரே சரிபார்க்கலாம்.

சிலர், "சம்பளத்தை ரூபாவிலேயே தருகிறோம், டொலருக்கு இன்ன வீதம் என்று நிலையாக வைப்போம்" என்பர். 2021இல் 200 ரூபா வீதத்துக்கு அப்படி இணங்கியவர், அடுத்த ஆண்டு 3,40,000 ரூபாச் செலவை இரண்டு இலட்சத்தால் ஈடுசெய்ய நேர்ந்திருக்கும். ரூபாவிற் கொடுப்பது குற்றமன்று. தொகை டொலரிற் குறிக்கப்பட்டு, கொடுக்கும் நாளின் வீதப்படி மாற்றப்பட வேண்டும். எந்த வங்கியின் எந்த வீதம் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நமக்கு வங்கி தருவது அதன் கொள்வனவு வீதமே. பத்திரிகையிற் காணும் விற்பனை வீதம் அதைவிடக் கூடியது. அனுப்புங் கட்டணம் யாருடையது என்பதையும் முன்பே கேட்க வேண்டும்.

இன்னொன்று. சுட்டெண் கொழும்பின் சராசரி. நம் வீட்டின் கணக்கன்று. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. தகப்பனார் வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் குருநகர் வீட்டுக்கு அந்த ஏற்றம் ஏறக்குறைய நான்கு மடங்கு. எனவே ஆண்டு மீளாய்வைச் சுட்டெண் கொண்டு பேசினாலும், முதற் சம்பளத்தை நம் வீட்டுச் செலவுப் பட்டியலைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். எரிபொருள், மருந்து போன்ற டொலரோடு ஏறுபவற்றை ஒரு பக்கமும், வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்புச் செலவு போன்ற மெல்ல ஏறுபவற்றை மறுபக்கமும் எழுதிப் பார்த்தால், எவ்வளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது தெரியும். அத்தொகையோடு பேசப் போவோம், கையெழுத்திடுமுன் பேசுவோம்.