ஒட்டிய விழிக்கு வேண்டிய காவல்

இன்று செக் நாட்டிலுள்ள ஓலோமூட்ஸ் நகரிலே, 1905ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 7ஆம் நாள், எடுவார்ட் சிர்ம் என்னும் கண் வைத்தியர் ஒரு சத்திரசிகிச்சை செய்தார். சுண்ணாம்பு பட்டு இரு கண்களும் ஒளியிழந்த தொழிலாளி ஒருவருக்கு, காயமுற்று அகற்றப்பட்ட ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து விழிவெண்படலத்தை எடுத்து இரு கண்களிலும் ஒட்டினார். ஒரு கண்ணில் ஒட்டுப் பழுதாயிற்று. மறு கண்ணில் அது தெளிவாக நிலைத்தது. படலத்தை ஒட்டுவது ஒன்று, ஒட்டிய படலம் நிலைப்பது வேறொன்று என்னும் பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

விழிவெண்படலம் என்பது கண்ணின் முன்புறத்தில், கடிகாரக் கண்ணாடிபோல் அமைந்த தெளிந்த படலம். அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆதலால் உடலின் காவற் கலங்கள் அங்கே எளிதிற் செல்வதில்லை. பிறருடைய படலத்தையும் கண் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. அப்படலத்தின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகச் சில கலங்கள் உள. கிணற்று நீரை இறைப்பதுபோல், படலத்தினுள் ஊறும் நீரை அவை இடையறாது வெளியேற்றுகின்றன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

கண் தானத்தில் விரைவு வேண்டுமென்பதற்கும் இதுவே காரணம். மரணம் நிகழ்ந்து ஆறு மணித்தியாலங்களுக்குள் கண்கள் எடுக்கப்படுவது நன்று. அதுவரை வீட்டார் இமைகளை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிடல் வேண்டும். இறந்தவர் மூக்குக்கண்ணாடி அணிந்தவராயிருந்தது தடையன்று. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961ஆம் ஆண்டில் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். 1964ஆம் ஆண்டில் இங்கிருந்து சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன.

இனி, வன்னியிலுள்ள கமக்காரர் ஒருவரை உதாரணமாகக் கொள்ளலாம். சூடடிக்கும்போது நெல் உமி பட்டு வலக் கண்ணில் புண் உண்டாயிற்று. புண் ஆறியபின் வெண்தழும்பு பார்வையை மறைத்தது. வைத்தியர் தழும்புள்ள வட்டத்தை வெட்டியெடுத்து, தானமாகக் கிடைத்த வட்டத்தை அவ்விடத்திற் பொருத்தி, தலைமயிரிலும் மெல்லிய நைலோன் இழையால் பதினாறு தையல்கள் இட்டார். மறுநாளும், அடுத்த கிழமையும், பின்னர் மாதந்தோறும் கண் பரிசோதிக்கப்பட்டது. ஸ்ரீரோயிட்டுச் சொட்டுமருந்து முதலில் நாளொன்றுக்குப் பலமுறையும், மெல்ல மெல்லக் குறைத்து, ஓராண்டின் பின் ஒருமுறையும் இடப்பட்டது.

பதினான்காம் மாதத்தில் எஞ்சிய தையல்கள் அகற்றப்பட்டன. இரு கிழமைகள் சென்றன. நாள்தோறும் காலையில் இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் கலண்டரைப் பார்ப்பது அவர் வழக்கம். அன்று பெரிய இலக்கங்கள் தெரிந்தன. கீழேயுள்ள சிற்றெழுத்துக்கள் மூடுபனியினூடே தெரிவனபோல் மங்கின. கண்ணும் சற்றுச் சிவந்திருந்தது. முற்றத்து வெயிலைப் பார்க்கக் கூசியது. பீளையில்லை, கடும் நோவுமில்லை.

அயலவர்கள் இது ஊரிற் பரவும் கண்ணோய் என்றனர். பூச்சாறு விட்டு மூன்று நாள் பொறுக்கும்படி கூறினர். அவரோ வைத்தியசாலையிற் கூறப்பட்ட நான்கு அறிகுறிகளை நினைவிற்கொண்டார்: சிவத்தல், ஒளிக்கூச்சம், பார்வை மங்கல், நோவு. நான்கும் ஒருங்கே வரவேண்டுமென்பதில்லை. ஒன்று தோன்றினும் அன்றே செல்லவேண்டும். அவர் முற்பகல் பஸ்ஸிலேயே புறப்பட்டார்.

உருப்பெருக்கும் கருவியினூடே பார்த்த வைத்தியர், ஒட்டின் உட்புறத்தில் நுண்ணிய புள்ளிகள் வரிசையாய்ப் படிந்திருக்கக் கண்டார். உடலின் காவற் கலங்கள் அந்நியக் கலங்களை இனங்கண்டு தாக்கத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். இதனை ஒட்டு நிராகரிப்பு என்பர். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொருதரம் சொட்டுமருந்து இடப்பட்டது. பின்னர் பல மாதங்களாகச் சிறிது சிறிதாகக் குறைக்கப்பட்டது. மூன்று கிழமைகளில் சிற்றெழுத்துக்கள் மீண்டும் தெரிந்தன. எனினும் அத்தாக்குதலில் மடிந்த கலங்கள் திரும்புவதில்லை. சில நாள் பிந்தியிருப்பின் நீரிறைக்கும் கலங்கள் போதாமற்போய், படலம் வீங்கி நிரந்தரமாக மங்கியிருக்கக்கூடும்.

இம்மருந்தைத் தானாகக் கூட்டுவதும் நிறுத்துவதும் ஆபத்து. திடீரென நிறுத்தினால் நிராகரிப்புத் தோன்றலாம். நெடுங்காலம் இட்டால் கண்ணின் உள்ளழுக்கம் உயரலாம், வெண்புரையும் வரலாம். உள்ளழுக்கம் உயர்வது நோயாளிக்குத் தெரியாது. ஆதலாற்றான் பார்வை நன்றாயிருக்கும் காலத்திலும் அழுக்கத்தை அளந்து பார்க்கிறார்கள். தையலால் நேர்ந்த வளைவு மாற்றத்திற்குக் கண்ணாடியும் வேண்டியிருக்கும்.

நிராகரிப்பு ஒட்டிய பத்தாண்டின் பின்னரும் வரக்கூடும். ஆகவே அக்கமக்காரர் இன்றும் காலையில் இடக் கண்ணைப் பொத்திக்கொண்டு கலண்டரின் சிற்றெழுத்துக்களை வாசித்த பின்னரே வயலுக்குச் செல்கிறார். சூடடிக்கும் நாளில் கண்ணாடி அணியாது களத்தில் இறங்குவதுமில்லை.