நேர்காணலில் டிஎல்எஸ் கேள்வி

நமது மாதிரி நேர்காணல்களில் நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில்: “சர்வரின் பொதுச் சாவியால் எல்லாத் தகவலும் பூட்டப்படும்.” தவறு. பொதுச் சாவி முறை மெதுவானது. தகவலைப் பூட்டுவது, இரு தரப்பிலும் ஒரே சாவியுள்ள ஏஇஎஸ் போன்ற முறைதான்.

அந்தச் சாவி எப்படி வருகிறது? 2018இல் வெளியான டிஎல்எஸ் 1.3இல் பிரவுசரும் சர்வரும் தற்காலிகப் பொதுச் சாவிகளை மாற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றும் தன் இரகசியச் சாவியையும் எதிர்த்தரப்பின் பொதுச் சாவியையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரே விடை வரும். இடையில் ஒட்டுக்கேட்பவரால் அதைக் கணக்கிட முடியாது.

சான்றிதழ் எதற்கு? எதிரே இருப்பது யாரென்று அறிய. அதுவரை நடந்த பரிமாற்றத்தின்மேல் சர்வர் சான்றிதழுக்குரிய இரகசியச் சாவியால் கையொப்பமிடும். பிரவுசர் அந்தக் கையொப்பத்தையும், சான்றிதழின் பெயர், காலாவதி, வழங்கியவர் ஆகியவற்றையும் சரிபார்க்கும். பிறகே நம் கடவுச்சொல் புறப்படும்.